முதலில் பேஸ்: ஆஸ்டின் டவுனிலும் இலங்கையிலும் பாட்டு எடுக்கும் விதம்

பெங்களூர் ஆஸ்டின் டவுனுக்குப் பதிவேட்டில் எஃப். கிட்டல் நகர் என்று பெயர். கன்னட அகராதி தொகுத்த ஜெர்மானியப் பாதிரியாரின் நினைவாக வைத்தது. ஆட்டோக்காரரிடம் ஆஸ்டின் டவுன் என்றுதான் சொல்ல வேண்டும். தமிழ்க் குடும்பங்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் நெடுநாளாகச் சேர்ந்து வாழும் பகுதி இது. விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயம் பக்கத்திலேயே இருக்கிறது. கோயில் பாடற்குழு, திருமண வரவேற்பு, தெருமுனை மேடை என்று இசை தெரிந்தவருக்கு வேலை வந்துகொண்டே இருக்கும். அந்த வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கன்னடம், தமிழ், இந்தி, ஆங்கிலம் நான்கிலும் ஒரே இரவில் வாசிக்க வேண்டும். கேட்கப்படும் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அச்சிட்ட நொட்டேஷன் கிடையாது. ஆகவே காதால் கேட்டு எழுதியாக வேண்டும்.

அப்படி எழுத உட்காரும் அனுபவசாலி மெட்டை முதலில் எழுதுவதில்லை. மெட்டு எல்லாருக்கும் தெரியும், பாடுகிறவர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். யாருக்கும் நினைவில் இல்லாதது பேஸ் கிட்டார் வாசிக்கும் அடிவரிதான். அதைப் பிடித்துவிட்டால் சுருதி, கார்டு, பாட்டின் அமைப்பு மூன்றும் அதன் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கொழும்பிலும் மொறட்டுவையிலும் யாழ்ப்பாணத்திலும் அடிவரியைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்வது வேறு. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

பெங்களூர் மேடையின் பட்டியலில் இளையராஜா பாட்டு இல்லாமல் இருக்காது. ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த நாளிலிருந்தே கன்னடப் படவுலகோடு அவருக்குத் தொடர்பு உண்டு. 1981-ல் வந்த ‘கீதா’ படப் பாடல்களைக் கன்னடர்கள் இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். அவர் மேற்கத்திய நொட்டேஷனில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுப்பவர். பேஸ் வரியும் அப்படி எழுதப்பட்டதுதான். அது கார்டுக்கு அடியில் தாளம் தட்டிக்கொண்டு நிற்காது, பாடகரின் குரலுக்கு எதிராக இன்னொரு மெட்டாக நடக்கும். அந்தத் தாள்கள் கடையில் கிடைப்பதில்லை. ஆகவே ஆஸ்டின் டவுன் கலைஞர் செய்வது ஒரு மீட்பு வேலை. தாளில் இருந்து ஒலியானதை மறுபடி தாளுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு சுரம் மாறினாலும் கூட்டத்தில் யாரோ ஒருவர் திரும்பிப் பார்ப்பார்.

இலங்கைப் பைலாவின் வம்சம் வேறு. போர்த்துக்கீசர் காலத்தில் கலந்த கஃப்ரிஞ்ஞாவிலிருந்து வந்தது அது. வாலி பஸ்தியன் மேடைக்குக் கொண்டுவந்த வாதப் பைலாவில் மெட்டு முன்பே தெரிந்திருக்கும், போட்டியாளர்கள் வரிகளை அங்கேயே கட்டிப் பாடுவார்கள். பின்னால் இருக்கும் வாத்தியக்காரருக்கு வேண்டியது குறிப்பிட்ட சுரங்களின் வரிசை அல்ல. கார்டு எங்கே மாறுகிறது, ஆட்டம் எங்கே விழுகிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். 1969-ல் தொடங்கிய ஜிப்சீஸ் போன்ற குழுக்களின் பைலாவானாலும், நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய தமிழ்த் துள்ளிசையானாலும் இதே நிலைதான்.

இரண்டு இடத்திலும் கை முதலில் போவது வேகத்தைக் குறைக்கத்தான். இசைத்தட்டுக் காலத்தில் அதற்கு ஒரு தந்திரம் இருந்தது. சில பழைய பிளேயர்களில் நிமிடத்துக்கு 16⅔ சுற்று என்றொரு வேகம் உண்டு. 33⅓ சுற்றுத் தட்டை அதில் போட்டால் வேகம் சரிபாதியாகும், சுருதியும் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். ஸ ஸ-வாகவே இருக்கும், கீழ் ஸ்தாயியில் கேட்கும். 45 சுற்றுத் தட்டை 33⅓-ல் ஓட்டினால் அந்த வசதி இல்லை. ஐந்து அரைச்சுரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கி எந்தக் கட்டையிலும் ஒட்டாமல் நிற்கும்.

ஆனால் பேஸ் எழுதுகிறவருக்கு ஸ்தாயி இறங்குவதே கெடுதல். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதைப் பாதியாக்கினால் 20 ஹெர்ட்ஸ் ஆகிவிடும், காது கேட்கும் எல்லையின் ஓரம். சுரம் மறைந்து உறுமல்தான் மிஞ்சும். இதனால் ஸ்பூல் டேப் வைத்திருந்தவர்கள் பேஸுக்கு மட்டும் எதிர்த்திசையில் போனார்கள். டேப்பை இரட்டை வேகத்தில் ஓட்டினால் அதே கம்பி 82 ஹெர்ட்ஸில், சாதாரணக் கிட்டாரின் தடித்த கம்பி போல, பளிச்சென்று கேட்கும். இன்று Audacity போன்ற மென்பொருளில் இரண்டையும் பிரித்துச் செய்யலாம். Change Tempo வேகத்தை மட்டும் குறைக்கும், Change Pitch சுருதியை மட்டும் ஏற்றும். 70 சதவீத வேகம், ஒரு ஸ்தாயி மேலே என்று வைத்தால் பேஸ் வரி செலோ போலப் பேசத் தொடங்கும். பாதி வேகத்துக்கும் கீழே போனால் ஒவ்வொரு தட்டும் குழைந்து, சுரம் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் போகும். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் இந்த வேலை ஆகாது. அடிச்சுரம் அதில் வராது, அதன் மேல்சுரங்களை வைத்து மூளை ஊகம் செய்கிறது, அந்த ஊகத்தில் ஸ்தாயி மாறிப்போகும். நல்ல ஹெட்போன் கட்டாயம் வேண்டும்.

அடுத்து சுருதி. நடபைரவி சாயலில், ஈ மைனரில் போகும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளலாம். மேடை வழக்கில் 3 கட்டை. இதே ஏழு சுரங்கள்தான் ஜி மேஜருக்கும். சுரங்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் எது வீடு என்று தெரியாது. பேஸ் அதைச் சொல்லிவிடும். பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும் முன் பேஸ் எந்தச் சுரத்தில் இளைப்பாறுகிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சுரத்தை வாயால் முனகிக்கொண்டே பாட்டை நிறுத்திப் பார்த்தால் பாட்டு முடிந்தது போல் இருக்கிறதா, தொங்குகிறதா என்று காது தீர்ப்பு சொல்லும்.

இனிதான் சிக்கல். சரணத்தில் ஓரிடத்தில் பேஸ் ஈ வாசிக்கிறது. புதியவர் உடனே ஈ மைனர் என்று எழுதிவிடுவார், மேடையில் ஏதோ சப்பென்று இருக்கும். மேலே கிட்டாரும் வயலின்களும் வாசிப்பது சி மேஜராக இருக்கலாம், அதன் நடுச்சுரமான ஈ-யைப் பேஸ் எடுத்துக்கொண்டிருக்கலாம். கார்டின் அடிச்சுரத்தை விட்டுவிட்டு இப்படி நடுச்சுரத்தில் கால் வைப்பது எழுதப்பட்ட பேஸ் வரிகளில் அடிக்கடி வரும். ஈ மைனரில் இருப்பவை ஈ, ஜி, பி. சி மேஜரில் இருப்பவை சி, ஈ, ஜி. இரண்டு சுரம் பொது, ஒன்றுதான் வேறு. ஈ-யை ஸ என்று வைத்தால் கேள்வி இவ்வளவுதான்: அந்த இடத்தில் ஒலிப்பது ப-வா, த-வா? பாட்டை அந்தத் துண்டில் சுழலவிட்டு ‘ப’ பாடிப் பார்க்க வேண்டும். உரசினால் த, கார்டு சி. கர்நாடகப் பயிற்சி உள்ளவருக்கு இந்தச் சோதனை கிட்டாரை எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே தாளில் பேஸ் சுரத்தையும் கார்டையும் தனித்தனி வரியில் எழுதுவதே சரி. பேஸிலிருந்து கார்டை நேராக ஊகித்து ஒரே வரியில் எழுதுகிற பழக்கம் இங்கே ஏமாற்றும்.

பைலாவில் அந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும். பேஸ் கார்டின் அடிச்சுரத்திலும் ஐந்தாம் சுரத்திலுமே அதிகம் நடமாடும், கார்டுகளும் இரண்டு மூன்றுதான். அங்கே கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. பைலா 6/8 தாளம். ஆறு அட்சரத்தை இரண்டு மும்மூன்றாகவும் எண்ணலாம், மூன்று இரண்டிரண்டாகவும் எண்ணலாம். தாள வாத்தியங்கள் இந்த இரண்டுக்கும் நடுவே விளையாடும். முழு வேகத்தில் உடம்பு தானாகவே இரண்டாக ஆடுகிறது. வேகத்தைப் பாதியாக்கியதும் காது ஒவ்வொரு அட்சரத்தையும் தனியாக எண்ணத் தொடங்கி மூன்றுக்குத் தாவிவிடும். அப்படி எழுதிய பேஸ் வரியில் எல்லாச் சுரமும் சரியாக இருக்கும், மேடையில் ஆடுகிறவர் கால் மட்டும் தடுமாறும். ஆகவே பைலாவில் வரிசை தலைகீழ். முழு வேகத்தில் கைதட்டி அடியைக் குறித்துக்கொண்ட பிறகே சுரத்துக்காக வேகத்தைக் குறைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் 1990-க்குப் பிறகான போர்க்காலத்தில் சுருதி கண்டுபிடிப்பதே தனிப் பாடாக இருந்தது. மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலியும் கசற்றும் கேட்டார்கள். சுற்றுகிற கை தளர்ந்தால் கசற் மோட்டாரும் தளரும். வேகம் 6 சதவீதம் குறைந்தால் பாட்டு ஒரு அரைச்சுரம் இறங்கிவிடும், 3 சதவீதம் என்றால் இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கும். அந்த நிலையில் ‘என்ன கட்டை’ என்று கேட்பதில் பொருள் இல்லை. சுரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை, அதாவது ஸ-விலிருந்து ப எவ்வளவு, த எவ்வளவு என்பதைத்தான் நம்ப முடியும். ஆஸ்டின் டவுனிலும் பழைய கசட்டிலிருந்து பதிந்த பாட்டுகள் இப்படி நடுவில் நிற்பது உண்டு. அப்போது கிட்டாரைத் திருகிப் பாட்டோடு சேர்ப்பதைவிட, மென்பொருளில் பாட்டைக் கட்டைக்குக் கொண்டுவருவது நல்லது. கிட்டாரைத் திருகினால் அடுத்த பாட்டுக்கு மறுபடி திருக வேண்டும்.

இலங்கை மேடைக்குத் தூரக் கணக்கு இன்னொரு விதத்திலும் உதவுகிறது. அங்கே ஒரே குழு பின்னணியில் நிற்க, பாடகர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தத்தம் கட்டையில் பாடுவது வழக்கம். டி என்று எழுதிய தாள் எஃப் கேட்கிற பாடகரிடம் சுமைதான். ‘1, 5, 4’ என்று படியாக எழுதியது எல்லாருக்கும் பொருந்தும். பெங்களூரிலும் பாடகர் கட்டை மாற்றச் சொல்வார், ஆனால் அங்கே எழுதப்பட்ட பேஸ் வரியை நகர்த்துவதில் ஒரு தடை உண்டு. ஈ-யில் இருந்த பாட்டை 2 கட்டைக்கு, டி-க்கு, இறக்கினால் நான்கு கம்பி பேஸில் அந்த அடிச்சுரம் இல்லை. ஸ்தாயி மேலே தாவினால் வரியின் வளைவு உடைகிறது, குரலின் இடத்தில் போய் முட்டுகிறது. சிலர் தடித்த கம்பியை ஒரு சுரம் தளர்த்துகிறார்கள், சிலர் ஐந்து கம்பிக் கிட்டாருக்கு மாறிவிட்டார்கள்.

இரண்டு வழக்கமும் ஒரே பாட்டில் சந்தித்ததும் உண்டு. இலங்கையில் ஆடிக் களித்த ‘சுராங்கனி’, 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில், மலேசியா வாசுதேவன் குரலில் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆஸ்டின் டவுன் வரவேற்பு மேடையில் அதை வாசிக்க வேண்டியிருந்தால் பேஸ் கலைஞர் முதலில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: பாடகர் படத்தில் உள்ளபடி பாடப்போகிறாரா, கூட்டத்தை ஆடவைக்க வரிகளை நீட்டிக்கொண்டே போகப்போகிறாரா? முதலாவது என்றால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படப் பதிவைச் சுரம் சுரமாக எழுதலாம். இரண்டாவது என்றால் கார்டு மாறும் இடங்களைப் படியாகக் குறித்துக்கொண்டு, டிரம்ஸ்காரரோடு உட்கார்ந்து அடியைச் சரிபார்ப்பதில் அந்த மாலையைச் செலவிடுவது மேல்.