காட்டியதைப் பூட்ட முடியுமா?

ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் இணையத்தில் காட்டும் வேலை சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. ஆசிரியர் விதித்த நிபந்தனை ஒன்றுதான். “தம்பி, படிக்கட்டும், ஆனா யாரும் இறக்கிக்கக் கூடாது.” நான் பிடிஎஃப்.ஜேஎஸ் நிரல்நூலகத்தோடு வரும் வியூவரைப் பக்கத்தில் பொருத்தி, அதன் மேல்பட்டையில் இருந்த பதிவிறக்கப் பொத்தானை ஒரு வரி சிஎஸ்எஸ்ஸால் மறைத்தேன். இரண்டே நாளில் ஒரு வாசகர் எழுதினார்: “Ctrl+S அழுத்தினால் இதழ் முழுசாக இறங்குகிறது. தெரிந்துதான் விட்டிருக்கிறீர்களா?”

தெரிந்து விடவில்லை. அந்த வியூவரில் Ctrl+S அழுத்தினாலும் பொத்தானைத் தொட்டாலும் ஓடுவது ஒரே பதிவிறக்க வேலைதான். நான் மறைத்தது கதவின் கைப்பிடியை மட்டும். அன்றிலிருந்து இந்த முறையின் பலம் எது, பலவீனம் எது என்று பிரித்துப் பார்த்துவருகிறேன்.

முதலில் பலம். மொசில்லாவில் 2011-இல் தொடங்கிய பிடிஎஃப்.ஜேஎஸ், 2013-இல் ஃபயர்பாக்ஸ் 19 வந்தபோது அந்த உலாவியின் இயல்பான பிடிஎஃப் வியூவர் ஆனது. ஒவ்வொரு பக்கத்தையும் அது கேன்வாஸில் வரைகிறது. அந்த ஓவியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை அதே இடங்களில் அடுக்குகிறது. தேடிய சொல் பக்கத்தில் ஒளிர்வதும், வாசகர் வரியைத் தேர்ந்தெடுப்பதும், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படித்துச் சொல்வதும் இந்த இரண்டாவது அடுக்கால்தான். எந்த உலாவியில் திறந்தாலும் தோற்றம் மாறாது. ஆண்ட்ராய்டு குரோம் நெடுங்காலம் பக்கத்துக்குள் பிடிஎஃப் காட்டாமல் கோப்பாக இறக்கத்தான் சொன்னது. அந்தக் குறையையும் இது தீர்த்தது.

இன்னொரு பலம், கோப்பைத் துண்டு துண்டாக வாங்குவது. எங்கள் இதழ்த் தொகுப்பு ஒன்று 48 எம்பி. பிடிஎஃப்.ஜேஎஸ் வழக்கமாக 64 கேபி அளவில் கேட்கும். அதாவது முழுக் கோப்பு 768 துண்டு. முதல் பக்கத்தைக் காட்ட அவற்றில் சில போதும். ஆனால் சும்மா விட்டால் வாசகர் முதல் பக்கத்தில் இருக்கும்போதே மீதியையும் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்த இரண்டு அமைப்புகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்:

```js
const pdf = await pdfjsLib.getDocument({
  url: "/read/1042",
  disableStream: true,
  disableAutoFetch: true
}).promise;
```

சர்வர் பகுதிக் கோரிக்கையை ஏற்று 206 என்று பதில் சொன்னால்தான் இது நடக்கும். எங்கள் சர்வர் பிடிஎஃப்பையும் ஜிஜிப்பால் சுருக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படிச் சுருக்கி வந்தால் பிடிஎஃப்.ஜேஎஸ் துண்டாகக் கேட்பதையே கைவிட்டு முழுக் கோப்பையும் வாங்கும். உலாவியின் நெட்வொர்க் பலகையைத் திறந்தால் இது உடனே தெரிந்துவிடும்: பல 206 வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு 200 நிற்கும்.

இனி பலவீனம். நான் பொத்தானோடு Ctrl+S-ஐயும் அடைத்தேன். ஆனால் பக்கத்தை வரைவது வாசகரின் கணினி. வரையத் தேவையான பைட்டுகள் அவர் கைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கன்சோலைத் திறந்து இந்த ஒரு வரியை இட்டால் மூலக்கோப்பு மாறாமல் கிடைக்கும். இன்னும் வராத துண்டுகளைக்கூட வியூவரே கேட்டு வாங்கிக் கொடுத்துவிடும்:

```js
await PDFViewerApplication.pdfDocument.getData();
```

பிடிஎஃப்புக்குள்ளேயே அனுமதி அமைப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது: அச்சிட, திருத்த, நகலெடுக்க என்று தனித்தனியே அனுமதி தரலாம். ‘சேமிக்காதே’ என்று சொல்ல அதில் இடமே இல்லை. இருக்கும் அனுமதிகளையும் பிடிஎஃப்.ஜேஎஸ் வியூவர் தானாக மதிப்பதில்லை. `enablePermissions` அமைப்பை நாம்தான் இயக்க வேண்டும்.

அடுத்து நான் செய்தது எனக்கு இன்றும் உறுத்தும் தவறு. நகலெடுப்பதைத் தடுக்க எழுத்து அடுக்கையே அணைத்தேன். கன்சோல் தெரிந்தவருக்கு அதனால் ஒரு தடையும் இல்லை. திரைவாசிப்பானை நம்பிப் படிக்கும் சந்தாதாரருக்கோ இதழ் முழுக்க வெறும் படமாகிப் பேச்சிழந்துவிட்டது. உலாவிக்குள் போடும் பூட்டுகளின் பெருங்குறை இதுதான். எடுக்க நினைப்பவரை அவை ஒரு நிமிடம் தாமதப்படுத்தும். பணம் கட்டிப் படிப்பவரை நிரந்தரமாகத் தண்டிக்கும்.

அப்படியானால் கட்டுப்பாடு எங்கே இருக்க வேண்டும்? கோப்பு கிளம்பும் இடத்தில், சர்வரில். மாதிரி வாசிப்புக்கு 12 பக்கம் காட்ட வேண்டுமானால், முழுக் கோப்பை அனுப்பிவிட்டு வியூவரை 12-ஆம் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. வெட்டிய கோப்பை மட்டும் அனுப்ப வேண்டும்:

```sh
qpdf issue.pdf --pages . 1-12 -- sample.pdf
```

அனுப்பாத பக்கத்தை யாராலும் எடுக்க முடியாது. இந்த வேலை முழுவதிலும் அட்டியின்றி நம்பக்கூடிய தடை இது ஒன்றுதான்.

முழு இதழையும் படிக்க உரிமை உள்ளவருக்கு, யார் கேட்கிறார் என்று சோதித்துக் கொடுக்கலாம். நாங்கள் முதலில் ஐந்து நிமிடத்தில் காலாவதியாகும் இணைப்பு கொடுத்தோம். முன்கூட்டி இழுப்பதை நிறுத்தியிருந்ததால் அது எங்களையே திருப்பி அடித்தது. ஒரு நெடுங்கதையை நிதானமாகப் படித்து, எட்டாவது நிமிடத்தில் அறுபதாம் பக்கத்துக்குப் போனவருக்கு வெள்ளைத் தாள்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்துக்கான துண்டைக் கேட்டபோது இணைப்பு செத்துப்போய், சர்வர் 403 சொல்லியிருந்தது. முதல் பக்கங்கள் ஒழுங்காக வந்து பின்பக்கங்கள் மட்டும் வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிறகு நிலையான முகவரி ஒன்றை வைத்து, ஒவ்வொரு துண்டுக் கோரிக்கையிலும் வாசகரின் உள்நுழைவைச் சரிபார்க்கும்படி மாற்றினோம். படித்துக்கொண்டே இருப்பவருக்கு இடையில் அறுபடாது; இணைப்பை நண்பருக்கு அனுப்பினால் அவருக்குத் திறக்காது.

இதற்கும் எல்லை உண்டு. ஒரே நிமிடத்தில் 768 துண்டும் போனால் யாரோ முழுக் கோப்பையும் எடுக்கிறார் என்று கொள்ளலாமா? அப்படி எண்ணித்தான் ஒரு வேகவரம்பு வைத்தேன். முதலில் மாட்டிக்கொண்டவர், ஒரு கவிஞரின் பெயரைத் தேடிய ஆய்வு மாணவி. தேடல் பெட்டியில் சொல்லை இட்டதும் வியூவர் எல்லாப் பக்கங்களின் எழுத்தையும் எடுக்கப் புறப்படுகிறது; சர்வரின் கண்ணுக்கு அது பதிவிறக்கம் மாதிரியே தெரிகிறது. முழு இதழையும் அச்சிடுவதும் அப்படியே. வரம்பை எடுத்துவிட்டேன்.

கடைசியில் ஆசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன். “ஐயா, படிக்கக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியாது. யாருக்குக் கொடுத்தோம் என்பதை மட்டும் நாம தீர்மானிக்கலாம்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “பஸ்ஸுல சிக்னல் இல்லாம படிக்கிறவங்களும் இருக்காங்க இல்ல?” என்று கேட்டார். இருக்கிறார்கள்.

எழுத்து அடுக்கைத் திரும்ப இயக்கினோம். பதிவிறக்கப் பொத்தானையும் திரும்பக் கொண்டுவந்தோம். அதைத் தொட்டால், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாசகரின் பெயரும் சந்தா எண்ணும் பதித்த பிரதி சர்வரில் உருவாகி இறங்கும். வியூவருக்குப் போவதும் அதே பிரதிதான். எனவே கன்சோல் வழியே எடுத்தாலும் பெயரோடுதான் போகும். முனைந்தால் அந்தப் பதிவையும் அழிக்கலாம். ஆனாலும் தன் பெயர் தாங்கிய பிரதியைப் பொதுவெளியில் போட எல்லாரும் ஒருமுறை யோசிப்பார்கள்; அந்த யோசனைக்காகப் படிக்கிற யாருக்கும் ஒரு வசதியும் குறையவில்லை. பிடிஎஃப்.ஜேஎஸ் படிக்கக் கொடுப்பதற்கென்று செய்த கருவி. அதைப் பூட்டாக்கப் பார்த்த நாட்களில் வாசிப்பையும் கெடுத்தேன், இதழையும் காக்கவில்லை.