அவள் கேட்காத படங்கள்

லண்டனைச் சேர்ந்த 14 வயது மாலி ரஸ்ஸல் 2017 நவம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். கடைசி ஆறு மாதங்களில் இன்ஸ்டாகிராமில் அவள் விரும்பிய, சேமித்த, பகிர்ந்த பதிவுகள் சுமார் 16,300. அவற்றில் ஏறத்தாழ 2,100 மனச்சோர்வு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், தற்கொலை பற்றியவை. அவளாகத்தானே பார்த்தாள் என்பவர்கள் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். (நீ ஏன் அங்கே போனாய் என்று பெண்ணையே கேட்கும் பழைய கேள்விதான்.)

ஆனால் பின்டரெஸ்ட், மனச்சோர்வுப் படங்களை ‘உனக்குப் பிடிக்கலாம்’ என்று அவள் மின்னஞ்சலுக்கே அனுப்பியிருக்கிறது. சில படங்களை அல்காரிதமே தேர்ந்தெடுத்தது, அவள் கேட்கவில்லை என்று மரண விசாரணை அதிகாரி ஆண்ட்ரூ வாக்கர் 2022 செப்டம்பரில் பதிவுசெய்தார். அவள் மரணத்தில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்றும் சொன்னார்.

இப்படிப்பட்ட பதிவுகளை நீக்கச் சொன்னால், வலியைப் பேசும் பெண்களின் குரலும் சேர்ந்து போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் ஒருத்தி எழுதுவது வேறு, அதை அள்ளிக் குவித்து ஒரு சிறுமிக்கு அனுப்புவது வேறு. அனுப்புவதை நிறுத்தினால் எவர் வாயும் அடைபடாது. விசாரணையில் பின்டரெஸ்ட் அதிகாரி, மாலி பயன்படுத்திய காலத்தில் தங்கள் தளம் பாதுகாப்பாக இல்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டாவின் அதிகாரியோ, அவள் பார்த்தவற்றில் பல பாதுகாப்பானவையே என்று வாதிட்டார்.