சவாரி முடியும் நேரம்: காசிமேட்டில் வாடகை வண்டிச் செயலிகள்

ஊபர், ஓலா, ரேபிடோ, நம்ம யாத்ரி ஆகிய செயலிகளில் என்னென்ன வசதிகள் உள்ளன என்பது சென்னைவாசிகள் பெரும்பாலோருக்குத் தெரிந்ததே. வண்டி வரும் வழியைக் காட்டும் வரைபடம், ஏறும்முன் சொல்ல வேண்டிய நான்கு இலக்க எண், புறப்படும்முன் திரையில் தோன்றும் கட்டணம், உறவினருக்கு அனுப்பத்தக்க இணைப்பு ஆகியவை பெயரளவில் வேறுபட்டாலும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வட்டாரத்தில் இவற்றைப் பல வாரங்கள் தொடர்ந்து பயன்படுத்திப் பார்ப்பவர், இந்த வசதிகள் அனைத்தும் ஓட்டுநரின் செல்பேசியில் நிகழும் இரண்டு தொடுதல்களை நம்பியே நிற்கின்றன என்பதை விரைவில் உணர்வார். ஒன்று சவாரியைத் தொடங்குவது. மற்றொன்று அதை முடிப்பது. பகிர்ந்த இணைப்பு உயிரோடிருப்பதும், கட்டணம் கணக்காவதும், பின்னர் எழும் புகார் தீர்க்கப்படுவதும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதிவைக் கொண்டுதான்.

முதல் தொடுதலுக்கு ஓரளவு காவல் உண்டு. ஏறுபவர் தம் திரையில் உள்ள எண்ணைச் சொன்னால்தான் ஓட்டுநரால் சவாரியைத் தொடங்க முடியும் என்ற ஏற்பாடு, தவறான வண்டியில் ஏறுவதையும், ஏறாத பயணத்துக்குக் கணக்கு ஓடுவதையும் ஒருசேரத் தடுக்கிறது. அதனால் வண்டியின் பதிவெண்ணைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அந்த எண்ணைச் சொல்லக்கூடாது. தொலைபேசியில் அழைத்து முன்கூட்டியே கேட்பவரிடமும் சொல்லக்கூடாது. மீன்பிடித் துறைமுகத்தில் ஏறுமிடத்தைக் குறிக்கும் புள்ளி சில வேளைகளில் படகுத்துறையின் உட்புறத்தில் போய் விழுவதால், ஓட்டுநர் வாயிலில் நின்றுகொண்டு "எங்க இருக்கீங்க, ஓடிபி சொல்லுங்க, ஸ்டார்ட் பண்ணிட்டு உள்ள வரேன்" என்று கேட்பது இங்கு வாடிக்கை. புள்ளியைக் கையால் நகர்த்தி வாயிலருகே வைத்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமிராது.

இதைவிடக் கேடான வழக்கம் ஒன்று உண்டு. "கேஷா ஆன்லைனா, ட்ராப் எங்கே" என்று விசாரித்தபின், "நீங்க கேன்சல் பண்ணிடுங்க, அதே காசுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்ற யோசனை வரும். தொகை மாறவில்லையே என்று பயணி இணங்கும்போது, பகிர்ந்த இணைப்பும், வண்டி பற்றிய பதிவும், பின்னால் முறையிடும் உரிமையும் ஒரே நொடியில் இல்லாமற்போகின்றன. போதாக்குறைக்கு ரத்துக் கட்டணமும் பயணியின் பெயரிலேயே ஏறக்கூடும். வர விரும்பாத ஓட்டுநரே ரத்து செய்யட்டும் என்று காத்திருப்பது எரிச்சலூட்டினாலும் அதுவே சரியான வழி. ஒன்றிய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வாகனத் திரட்டி வழிகாட்டுதல்கள் ('திரட்டி' என்பது வண்டியையும் பயணியையும் இணைக்கும் செயலி நிறுவனம்), தக்க காரணமின்றி ரத்து செய்பவர் ஓட்டுநரானாலும் பயணியானாலும் கட்டணத்தில் 10 விழுக்காடு, அதிகபட்சம் 100 ரூபாய், செலுத்த வேண்டும் என்கின்றன; ஆனால் அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவருவது மாநில அரசுகளைப் பொறுத்தது.

பயணப் பகிர்வு, அதாவது ஓடும் வண்டியின் இருப்பிடத்தை வேறொருவர் தம் திரையில் பார்க்கச் செய்யும் இணைப்பு, இச்செயலிகள் பெரிதும் விளம்பரப்படுத்தும் பாதுகாப்பு. வடசென்னையில் அதன் குறை உடனே கண்ணில் படுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது, அவற்றின் நடுவே சிக்கிய ஆட்டோவின் புள்ளியும் அசையாமல் நிற்கும். வீட்டிலிருந்து பார்க்கும் தாய்க்கு அது நெரிசலா, ஆபத்தா, ஓட்டுநரின் செல்பேசி இணையத்தை இழந்துவிட்டதா என்று பிரித்தறிய வழியில்லை. வண்டி நெடுநேரம் நின்றால் தானாக விசாரிக்கும் வசதியுள்ள செயலிகளும் லாரி வரிசையைக் கண்டு அதே கேள்வியைத்தான் கேட்கின்றன. திரையில் தெரிவது பெரும்பாலும் ஓட்டுநரின் செல்பேசி அனுப்பும் இருப்பிடமே என்பதும், ஓட்டுநர் சவாரியை முடித்த கணமே இணைப்பு அணைந்துவிடும் என்பதும் கவனத்தில் இருக்க வேண்டியவை. பயணி இன்னும் வண்டிக்குள்ளேயே இருந்தாலும் பார்ப்பவருக்கு 'பயணம் முடிந்தது' என்றுதான் தெரியும்.

இதற்கு எளிய மாற்று ஒன்று உண்டு. செயலியின் இணைப்போடு, வாட்ஸ்அப்பில் உள்ள நேரலை இருப்பிடத்தையும் பயணி தம் செல்பேசியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு அனுப்பிவைத்தால், பார்ப்பவரிடம் இரண்டு புள்ளிகள் இருக்கும். முதலாவது வண்டியுடையது, இரண்டாவது பயணியுடையது. இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் நெரிசலாக இருக்க வாய்ப்பு அதிகம், ஓர் அழைப்பில் உறுதிசெய்துகொள்ளலாம். வண்டியின் புள்ளி நின்றிருக்க, பயணியின் புள்ளி நகர்ந்தால் ஓட்டுநரின் இணையம் துண்டிக்கப்பட்டிருக்கலாம். செயலி பயணம் முடிந்தது என்று சொல்லியபின்னும் பயணியின் புள்ளி வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தால், காத்திராமல் பயணியை அழைக்க வேண்டும். பதிலில்லையெனில் 112-ஐ அழைத்து வண்டி எண்ணைச் சொல்ல வேண்டும். அதற்காகவே வண்டி எண் தெரியும் திரையைப் படமெடுத்து முதலிலேயே அனுப்பிவைப்பது நல்லது. செயலி நிறுவனங்கள் பயணியின் புள்ளியையும் வண்டியின் புள்ளியையும் ஒரே வரைபடத்தில் காட்டியிருக்கலாம். அதைச் செய்யாமல் கேடய வடிவப் பொத்தான்களை மட்டும் பெருக்குவது வியப்புக்குரியது.

கட்டண மதிப்பீட்டுக்கு வரும்போது, காருக்கும் ஆட்டோவுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் எதையும் பேச முடியாது. காரில் செயலி பணத்தைத் தானே வசூலித்தால் அதனால் திருப்பித் தரவும் முடியும். ஆட்டோவில் நிலைமை வேறு. ஊபர் 2025 பிப்ரவரியில், பிற செயலிகளைப் பின்பற்றி, சவாரிதோறும் தரகு எடுக்காமல் ஓட்டுநரிடம் சந்தா மட்டும் வாங்கும் முறைக்கு மாறியபின், ஆட்டோவில் திரையில் தெரியும் தொகை ஒரு பரிந்துரையாகவும், பணம் பயணி நேரடியாக ஓட்டுநரிடம் ரொக்கமாகவோ யுபிஐ வழியாகவோ தருவதாகவும் ஆகிவிட்டது. கூடுதலாகக் கேட்ட 30 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பின்னர் புகார் செய்தால், செயலியின் கையில் திருப்பித் தரப் பணமே இல்லை. ஆகவே ஆட்டோவில் தகராறைத் தீர்க்கும் இடம் ஏறும் இடம்தான்; திரையில் உள்ள தொகையை வாய்விட்டுச் சொல்லி, "இதுதானே?" என்று கேட்டபின்பே எண்ணைச் சொல்ல வேண்டும்.

அந்தத் தொகை நியாயமானதா என்று பார்க்கவும் ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாடு அரசு 2013 ஆகஸ்டில் நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. காசிமேட்டிலிருந்து சென்ட்ரலுக்கு 6 கிலோமீட்டர் எனக் கொண்டால் பகலில் 75 ரூபாய் 40 காசு, விடிகாலை மீன் ஏலத்துக்கு வந்து திரும்புபவருக்கு ஏறத்தாழ 113 ரூபாய். பழைய விகிதம் கட்டுப்படியாகவில்லை என்று ஓட்டுநர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. செயலி காட்டும் தொகையும் இதைவிட உயர்ந்தே இருக்கும். ஆயினும் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை அறிய ஓர் அளவுகோல் கையில் இருப்பது நல்லது.

காரில் தவறான வசூலை எதிர்ப்பது எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். விடிகாலை 4.10-க்குத் துறைமுக வாயிலில் ஏறிச் சென்ட்ரலில் 4.40-க்கு இறங்கிய பயணிக்கு, மதிப்பீடு 210 ரூபாயாக இருக்க, கணக்கிலிருந்து 274 ரூபாய் கழிகிறது எனக் கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது ரசீதின் அடியில் உள்ள தொகையல்ல, அதிலுள்ள வரைபடக் கோடு. கோடு சென்ட்ரலோடு நிற்காமல் எழும்பூர்ப் பக்கம் நீண்டிருந்து, முடிந்த நேரம் 4.58 என்று இருந்தால், ஓட்டுநர் சவாரியை முடிக்காமலே அடுத்த இடத்துக்குச் சென்றிருக்கிறார். கோடு சரியாக நின்று, நேரம் மட்டும் நீண்டிருந்தால் அது லாரி நெரிசலின் விளைவு; அந்தக் கூடுதலில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்காது. வழி மாறாதவரை சிறு தாமதத்துக்கு முன்கூட்டிக் காட்டிய கட்டணம் பொதுவாக மாறுவதில்லை என்பதால், எதனால் கூடியது என்று கேட்கும் உரிமை மட்டும் அப்போதும் உண்டு.

புகாரைச் செயலியில் அந்தச் சவாரியைத் திறந்து, உதவிப் பகுதியில் கட்டணத்தை மறுபரிசீலனை செய்யக் கோரும் தெரிவின்கீழ் எழுத வேண்டும். பொதுவான புகார்ப் பெட்டியில் எழுதினால் சவாரி விவரம் அதனோடு ஒட்டாது. "இறங்கியது சென்ட்ரல், 4.40. ரசீதில் முடிவு 4.58, எழும்பூர் அருகே. கூடுதல் 64 ரூபாயைத் திருப்பவும்" என்ற அளவே போதும். ஓட்டுநரின் பண்பைப் பற்றிய வரிகளைச் சேர்த்தால் புகார் நடத்தைப் பிரிவுக்குத் திருப்பப்பட்டு, பணம் மறக்கப்படும். இறங்கியதும் எடுத்த படமோ, வாட்ஸ்அப் புள்ளி நின்ற நேரமோ சான்றாகச் சேரலாம். இறங்கும்போதே "ட்ரிப் எண்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டால் இவ்வளவும் தேவைப்படாது.

இப்பகுதிக்கே உரிய தகராறு ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. மீன் பையிலிருந்து பனிக்கட்டி உருகிச் சொட்டிய நீருக்காகச் சில செயலிகளில் ஓட்டுநர் படத்தோடு முறையிட்டு, சுத்தம் செய்யும் கட்டணத்தைப் பயணியின் கணக்கில் பின்னர் ஏற்ற முடியும். தெர்மாகோல் பெட்டியின் மூடியைச் சுற்றி நாடா ஒட்டி வாங்குவதும், இறங்கும்போது இருக்கையையும் டிக்கியையும் படமெடுத்துக்கொள்வதும் அதற்கான தற்காப்பு. ஓட்டுநர் அனுப்பிய படத்தையும் அது எடுக்கப்பட்ட நேரத்தையும் காட்டுமாறு கேட்கலாம். அதே நேரத்தில், நாள் முழுதும் அந்த வாடையோடு ஓட்ட வேண்டியிருப்பவரின் கோபம் பொய்யன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

செயலியின் பதில் ஒரே வார்ப்பில் திரும்பத் திரும்ப வந்தால், நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கக் கடமைப்பட்டவர். அதற்கு அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்துக்குப் பதில் அடுத்த சவாரிக்கான கூப்பன் தருகிறோம் என்றால் ஏற்க வேண்டியதில்லை: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் ஓலாவுக்கு இட்ட உத்தரவில், தொகை வங்கிக் கணக்குக்கா கூப்பனாகவா என்பதைப் பயணியே தெரிவுசெய்ய வேண்டும் என்று கூறியதோடு, ஆட்டோ சவாரிகள் அனைத்துக்கும் ரசீது தரவும் பணித்தது.