சோப் வெட்டும் வீடியோவை எப்படி ரசிப்பது?

நீளமான சோப் கட்டி, மெல்லிய கம்பி, ஒரே அழுத்து. உள்ளே ஒளிந்திருந்த மஞ்சளும் வெள்ளையுமான சுழி வெளியே வருகிறது. இன்ஸ்டாகிராம் வைத்திருப்பவர்களில் இந்த வகை வீடியோவைப் பார்க்காதவர் குறைவு. இருபது விநாடி பார்த்துவிட்டு விரலால் மேலே தள்ளிவிடுகிறோம். அடுத்த முறை ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த வீடியோ ஏன் இன்றைக்கு வந்தது? விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்க முடியாத சிறு நிறுவனத்தின் சாமர்த்தியம் பெரும்பாலும் அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. இவை நம்மைப் பின்தொடராதவர்களுக்கும் நம் வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டும். வீட்டின் ஓர் அறையில் சோப் செய்பவருக்குக் காசில்லாமல் கிடைத்த கடைவீதி இது. ஆனால் எந்த நாளில் கூட்டம் வரும் என்று தெரியாத கடைவீதி. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 500 கிராம் தேங்காய் எண்ணெய், 400 கிராம் ஆலிவ் எண்ணெய், 100 கிராம் விளக்கெண்ணெய். ஆக ஒரு கிலோ. இதை முழுவதும் சோப்பாக மாற்ற ஏறக்குறைய 158 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். சருமத்துக்கு இதமாக இருக்க ஐந்து சதவீத எண்ணெயை மாறாமல் விடுவார்கள். அதனால் 150 கிராம் போடுவார்கள். தண்ணீரும் சேர்த்து அச்சில் ஊற்றினால் பன்னிரண்டு கட்டிகள் தேறும். மறுநாள் வெட்டலாம். ஆனால் விற்க முடியாது. கோல்டு ப்ராசஸ் என்று சொல்லப்படும் இந்த முறையில் கட்டிகள் நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றாடக் காய வேண்டும்.

வெட்டும் வீடியோவை வெட்டிய அன்றே போட்டால் என்ன ஆகும்? அந்த வகை வீடியோதான் எளிதில் பரவும். ஒரு லட்சம் பேர் பார்த்து, அதில் நூறு பேர் விலை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது பன்னிரண்டு கட்டி, அதுவும் காயாதது. “ஆறு வாரம் கழித்து வாங்க” என்றால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். பரவிய வீடியோவே வியாபாரத்தைக் கெடுத்துவிடும். விவரமானவர்கள் அந்தக் காட்சியைப் படம்பிடித்து போனிலேயே பூட்டி வைப்பார்கள். சோப் காய்ந்து, உறையிட்டு, அனுப்பத் தயாரான வாரத்தில்தான் வெளியே விடுவார்கள். “சித்திரை முதல் வாரத்தில் வெட்டியது, இன்று தயார்” என்று திரையில் எழுதியிருந்தால் இன்னும் நேர்மை. அந்த வரியைக் கண்டால் ஒரு திட்டம் கைகூடியதைப் பார்க்கிறீர்கள் என்று பொருள்.

இடையில் இருக்கும் வாரங்களை எதை வைத்து நிரப்புகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நல்ல திட்டக்காரர் ஊற்றும் நாளிலேயே பாதிக் காட்சிகளை எடுத்துவிடுவார்: எண்ணெய் உருகுவது, கலவை மோர்க்குழம்புப் பதத்துக்குக் கெட்டியாவது, அச்சைத் தட்டுவது. “காஸ்டிக் சோடா போட்டால் தோல் எரியாதா?” என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். இரண்டாம் வாரத்தில் அதற்கான பதிலே ஒரு வீடியோ. அளவு சரியாக இருந்தால் காஸ்டிக் சோடா எண்ணெயோடு வினைபுரிந்து முழுக்கத் தீர்ந்துவிடும், மிஞ்சுவது எண்ணெய்தான் என்று காட்டுவார்கள். அப்புறம் எடை வீடியோ. ஒரே கட்டியை வாராவாரம் அதே தராசில் வைத்து, அந்தத் துண்டுகளை ஒட்டிவிடுவார்கள். ஈரம் வற்ற வற்ற எண் இறங்கும், ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நின்றால் சோப் தயார். வசனமே இல்லாத அந்தப் பத்து விநாடியில் ஒரு மாதக் காத்திருப்பு இருக்கிறது.

மேலே வெள்ளைப் பொடி படிந்த கட்டியையோ, வெட்டும்போது உதிர்ந்த கட்டியையோ காட்டுபவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் அதிகமுள்ள கட்டி சீக்கிரமே இறுகிவிடும். வெட்டத் தாமதித்தால் ஓரம் பொடியும். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்பவர் தொழில் தெரிந்தவர்.

இனி வீடியோவுக்குள் போவோம். முதல் இரண்டு விநாடியைக் கவனியுங்கள். “வணக்கம் நண்பர்களே” இருக்காது, பெயர்ப்பலகை இருக்காது. கம்பி ஏற்கெனவே சோப்பில் பாதி இறங்கியிருக்கும். பார்ப்பவர் நின்றுவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் பெயர் வரும். அடுத்து, ஒலியை ஏற்றி வையுங்கள். வணிகக் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் எல்லாப் பாடல்களையும் தருவதில்லை. அதனால் புத்திசாலிகள் கலவை விழும் சத்தத்தையும், கம்பி இழுபடும் சத்தத்தையும், காகித உறை மடிவதையும் போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்கிறார்கள். கட்டாயத்தில் பிறந்த அழகு இது.

பாத்திரத்தையும் பாருங்கள். எவர்சில்வரோ, தடித்த பிளாஸ்டிக்கோ இருக்க வேண்டும். காஸ்டிக் சோடாக் கரைசல் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். அலுமினியச் சட்டியில் கரைப்பதுபோல் காட்டினால் அவருக்குத் தொழில் தெரியாது, அல்லது அது நடிப்பு. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் அழகுக்கு இடைஞ்சல்தான், ஆனாலும் அவை திரையில் இருந்தால் நம்பலாம். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சோப்பைக் காட்டி “ஆறு வாரம் காய வைத்தோம்” என்றால் சந்தேகப்படுங்கள். அது பெரும்பாலும் கடையில் வாங்கி உருக்கி ஊற்றும் தயார் சோப் பேஸ். அதை விற்பதில் தவறில்லை, கதை விடுவதில்தான் தவறு.

கடைசியாக, அவர்கள் சொல்லாமல் விட்டதைக் கவனியுங்கள். “பரு ஏழு நாளில் போகும்”, “நிறம் மாறும்” என்ற வாக்குறுதிகள் பார்வையாளரை இழுக்கும். ஆனால் சோப் அரை நிமிடத்தில் கழுவிப் போகும் பொருள், அதன் பிஎச் அளவு 9க்கும் 10க்கும் நடுவில். நோயைக் குணப்படுத்தும் என்று சொன்னால் சட்டத்தின் பார்வையில் அது அழகுப்பொருள் அல்ல, மருந்து. ‘முன், பின்’ படங்களில் முகத்தைப் பார்க்காமல் வெளிச்சத்தைப் பாருங்கள். முன் படத்தில் ஒளி பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு மேட்டையும் எடுத்துக் காட்டும். பின் படத்தில் ஒளி நேரெதிரே வந்து எல்லாவற்றையும் சமமாக்கிவிடும். இந்த வித்தையைச் செய்யாமல், உறையில் உள்ள உற்பத்தி உரிம எண்ணையும் பேட்ச் எண்ணையும் இரண்டு விநாடி நிறுத்திக் காட்டுபவரிடம் தாராளமாக வாங்கலாம்.

பிடித்திருந்தால் வெறும் லைக்கோடு நிற்காதீர்கள். புதியவர்களிடம் ஒரு வீடியோவைக் கொண்டுசேர்ப்பதில், அதை மற்றவருக்கு அனுப்பிவைப்பது லைக்கைவிட அதிகம் உதவுகிறது என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். அந்த சோப் யாருக்குப் பயன்படுமோ, அந்த ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.