பாதங்களில் தெரியும் பாரம்

'மேனரிசம்' என்றால் தமிழர்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நடிகர்கள்தான். சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயால் கவ்வுவதும் விரலால் தலைமுடியைக் கோதுவதும் நமக்கு மேனரிசம். ஓவிய வரலாற்றில் அதே சொல் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியின் ஒரு போக்கைக் குறிக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. 'மனியெரா' என்ற இத்தாலியச் சொல்லுக்குக் கைப்பாங்கு, பாணி என்று பொருள்.

மறுமலர்ச்சிக் காலத்தின் அமைதி குலைந்து மேனரிசம் வந்தது, அதன் பதற்றம் முற்றி பரோக்கின் நாடகமானது என்று வழக்கமாகச் சொல்வார்கள். உணர்ச்சி ஒரே ஏணியில் படிப்படியாக ஏறியது போன்ற கதை இது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மேனரிசமும் பரோக்கும் ஒரே திசையில் போகவில்லை. இதைக் காட்ட மூன்று ஓவியங்கள் போதும். மூன்றிலும் சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட யேசுவின் உடலைச் சிலர் சுமக்கிறார்கள். அந்த உடல் எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, சுமப்பவர்களின் பாதங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ரஃபாயேல் 1507இல் வரைந்தது. இப்போது ரோமில் போர்கேசே காட்சிக்கூடத்தில் இருக்கிறது. இதைக் கேட்டு வாங்கியவர் பெரூஜியா நகரத்தின் அத்தலாந்தா பாலியோனி. அவருடைய மகன் கிரிஃபொனெத்தோ 1500இல் குடும்பப் பகையில் கொல்லப்பட்டான். அதற்குச் சற்று முன் தன் உறவினர்களையே கொன்ற சதியில் அவனும் இருந்தான். மகனைப் பறிகொடுத்த தாய்க்காக, மகனைப் பறிகொடுத்த இன்னொரு தாயை ரஃபாயேல் வரைய வேண்டியிருந்தது.

அவருடைய ஆரம்பக் கோட்டோவியங்களில் உடல் தரையில் கிடக்கிறது, எல்லோரும் சூழ்ந்து அழுகிறார்கள். பிறகுதான் அவர் அதை உடலைத் தூக்கிச் செல்லும் காட்சியாக மாற்றினார். இடப்பக்கத்தில் ஒருவர் பின்னோக்கிப் படியேறுகிறார். வலப்பக்கத்து இளைஞன் முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுக்கிறான். இருவருக்கும் நடுவில் துணி விறைத்து நிற்கிறது. பாதங்கள் தரையில் ஊன்றியிருக்கின்றன. யார் எவ்வளவு சுமக்கிறார் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். தாய் வலப்பக்கத்தில், தனிக் குழுவொன்றில் மயங்கிச் சரிகிறாள். பின்னால் நிலக்காட்சி அமைதியாக இருக்கிறது.

ஆகவே மறுமலர்ச்சியின் 'அமைதி' என்பது துயரம் இல்லாத நிலை அல்ல. துயரத்துக்கு ஓர் இடமும் உடலுக்கு ஓர் எடையும் கொடுத்து, இரண்டையும் நம் கண்ணுக்குப் புரியும்படி அடுக்கி வைப்பதே அந்த அமைதி.

இரண்டாவது ஓவியம் ஃபுளோரன்ஸில், சாந்தா ஃபெலிச்சித்தா தேவாலயத்தின் ஒரு சிறு பக்கப் பீடத்தில், அது வரையப்பட்ட இடத்திலேயே இருக்கிறது. லொதொவிக்கோ கப்போனி தன் குடும்பக் கல்லறைக்காக வாங்கிய இடம் அது. பொந்தொர்மோ 1525இலிருந்து 1528வரை அங்கே வேலைசெய்தார். மூன்று ஆண்டுகள் யாரையும் உள்ளே விடவில்லை என்று வசாரி எழுதியிருக்கிறார்.

இதில் சிலுவையும் இல்லை, ஏணியும் இல்லை, கல்லறையும் இல்லை. மேலே இடப்பக்கத்தில் ஒற்றை மேகம், கீழே சிறு துண்டுத் தரை, அவ்வளவுதான் இடம். இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் நிழலே இல்லாததுபோல் பரவியிருக்கின்றன. முன்னால் ஓர் இளைஞன் குந்தியிருக்கிறான். இறந்த உடலின் பாரம் அவன் தோளில். ஆனால் அவன் நிற்பது கால்விரல் நுனியில். எந்த மனிதனாலும் அப்படிச் சுமக்க முடியாது. சுமப்பவர்கள் வானதூதர்கள் என்று சிலர் கருதுவதற்கும் இதுவே காரணம். ஓவியத்தின் மையத்தில் யேசுவின் முகமோ தாயின் முகமோ இல்லை. யாருடையவை என்று உடனே சொல்ல முடியாத கைகளே இருக்கின்றன. தாயின் மடியிலிருந்து உடல் இப்போதுதான் பிரிந்திருக்கிறது. அவள் கை அந்த இடைவெளியை நோக்கி நீள்கிறது.

இந்தப் பதற்றத்துக்கு 1527இல் ரோம் சூறையாடப்பட்டதைக் காரணமாகச் சொல்வதுண்டு. காலக்கணக்கு அதற்கு இடம்கொடுக்கவில்லை. பொந்தொர்மோ வேலையைத் தொடங்கியது அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால். வொல்தெர்ரா நகரத்துக்காக ரோஸ்ஸோ வரைந்த, இதே அளவு கலக்கமான சிலுவையிறக்கம் 1521ஐச் சேர்ந்தது. என் பார்வையில் காரணம் ஓவியக்கூடத்துக்குள்ளேயே இருக்கிறது. ரஃபாயேலும் மிக்கேலாஞ்சலோவும் எடையின் கணக்கைத் தீர்த்துவிட்டார்கள். அடுத்து வந்தவர்கள் அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே அதைக் கைவிட்டார்கள். பொந்தொர்மோவுக்கு அதில் கிடைத்தது வெறும் பாணி அல்ல. காலடியில் தரை இல்லாமல் போவதுதான் துயரம் என்று அவரால் சொல்ல முடிந்தது.

மூன்றாவது, கரவாஜியோ 1602க்கும் 1604க்கும் இடையில் ரோமில் கியேசா நுவோவா தேவாலயத்துக்கு வரைந்தது. பின்னணி முழுவதும் இருட்டு. தாய் வயதானவள், கன்னியாஸ்திரீபோல் முக்காடிட்டிருக்கிறாள். ஒரு பெண் இரு கைகளையும் மேலே விரித்து அலறுகிறாள். 'நாடகம்' என்று எல்லோரும் சுட்டிக்காட்டுவது அந்தக் கைகளைத்தான். நான் பார்க்கச் சொல்வது கீழே. நிக்கதேமு குனிந்து உடலின் கால்களைக் கட்டிப் பிடித்திருக்கிறான். அவனுடைய வெறும் பாதங்கள் கல்லின் மேல் அழுந்தியிருக்கின்றன. யோவானின் விரல்கள், தன்னை அறியாமல், விலாக் காயத்தில் பட்டிருக்கின்றன. பிணத்தின் கை தொங்கிக் கல்லைத் தொடுகிறது.

பொந்தொர்மோ எடுத்துவிட்ட எடை இங்கே முழுவதுமாகத் திரும்பி வந்துவிட்டது. அந்த வகையில் பரோக் மேனரிசத்தின் அடுத்த படி அல்ல, அதற்கு ஒரு மறுப்பு. ஆனால் அது ரஃபாயேலிடம் திரும்பிப் போகவும் இல்லை. ரஃபாயேலின் இளைஞன் ஓவியத்துக்குள்ளேயே இன்னொருவனோடு பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறான். கரவாஜியோவின் நிக்கதேமு தலையைத் திருப்பி நம் பக்கம் பார்க்கிறான். கல்லின் மூலை படத்திலிருந்து வெளியே துருத்துகிறது. நம் கண்மட்டம் அந்தக் கல்லின் உயரத்தில் இருப்பதால் நாம் நிற்பது குழிக்குள். உடலை அவர்கள் இறக்கிக் கொடுப்பது நம் கையில்.

ஓவியத்தின் கீழே பீடம் இருந்ததை மறக்கக் கூடாது. பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது, மேலே அந்த உடல் அதை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். 1563இல் திரெந்து சங்கம் படங்கள் மக்களுக்குப் போதித்து அவர்களைப் பக்திக்குத் தூண்ட வேண்டும் என்று சொன்னதை, இவ்வளவு நேராக நிறைவேற்றிய ஓவியங்கள் குறைவு. இப்போது மூலப்படம் வத்திக்கான் காட்சிக்கூடத்தில் இருக்கிறது, தேவாலயத்தில் தொங்குவது ஒரு நகல். காட்சிக்கூடத்தில் பீடம் இல்லாததால் கீழே இறங்கும் உடலுக்குப் போய்ச்சேர இடமில்லை. அங்கே பார்ப்பவர்களுக்கு விரித்த கைகளே பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. கனடாவில் இருப்பவர்கள் இதைப் பார்த்து ரூபன்ஸ் வரைந்த சிறிய வடிவத்தை ஒட்டாவா தேசியக் காட்சிக்கூடத்தில் பார்க்கலாம்.

பாதங்களைப் பார்க்கும் இந்த வழிக்கு எல்லை உண்டு. பரோக் விதானங்களில் உருவங்கள் பறக்கின்றன, ஊன்ற அங்கே தரையே இல்லை. ஆனால் ரோமின் ஜெசு தேவாலயத்தில் கௌல்லி 1670களில் வரைந்த விதானத்தைப் பாருங்கள். சட்டகத்தைத் தாண்டி வழியும் உருவங்களின் நிழலை, பொன் பூசிய உண்மையான கூரையின் மேல் அவர் தீட்டியிருக்கிறார். பறப்பவர்களுக்கும் நிழல் விழுகிறது. பொந்தொர்மோவின் ஆட்களுக்கு அந்த நிழல்கூட இல்லை.

மூன்றில் எது அதிகம் உணர்ச்சியுள்ளது என்று கேட்பதில் பயனில்லை. பாரத்தை ரஃபாயேல் பங்கிட்டார், பொந்தொர்மோ ஆதாரமில்லாமல் விட்டார், கரவாஜியோ நம்மிடம் தந்தார். மூவரிலும் பொந்தொர்மோவிடம்தான் எனக்குத் தேறுதல் குறைவாகக் கிடைக்கிறது. ஆனால் அவர்தான் தேறுதல் தருவதாகப் பாவனை செய்யவுமில்லை.