வாழ்த்த வயதிருக்கிறது, வணங்க வேண்டியதில்லை

ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். மேலாளருக்கு 38 வயது. அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுத உட்காருபவருக்கு 45. மேலாளரை எல்லோரும் ‘சார்’ என்றுதான் அழைக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் வழக்கமாக எழுதப்படுகிற மூன்று மாதிரிகளை எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதல் மாதிரி: “எங்கள் பிரிவின் தூணே, வழிகாட்டியே! உங்களைப் போல் ஒருவர் கிடைத்தது எங்கள் பாக்கியம். வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்.” இது தெருமுனை ஃபிளெக்ஸ் பேனரிலிருந்து நேரே இறங்கி வந்த மொழி. ஏழு வயது மூத்தவர் தனக்கு வயதில்லை என்று எழுதுவது வேடிக்கை. ஆனால் யோசிக்காமல் எழுதுபவர்கள் அதையும் எழுதிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய குறை, பெயரை மட்டும் மாற்றி இதை எந்த மேலாளருக்கும் அனுப்பிவிடலாம் என்பது. அடுத்த ஆண்டு புதிதாக வருபவருக்கும் இதே தூண்தான், இதே பாக்கியம்தான். இன்னொன்று, ‘எங்கள்’ என்று சொல்லும்போது மற்றவர்கள் சார்பாகவும் இவரே கும்பிடு போட்டுவிடுகிறார். அவர்களை யார் கேட்டது?

இரண்டாவது: “ஹேப்பி பர்த்டே தலைவா! ட்ரீட் எப்போ? இன்னைக்காவது சீக்கிரம் கிளம்புங்க, வீட்ல அண்ணி வெயிட்டிங்!” எழுதியவர் மனதில் கள்ளமில்லை. ஆனால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் செல்லுபடியாகும் கிண்டல் இங்கே செல்லாது. சக ஊழியர் என்றால் பதிலுக்கு அவரும் வாரிவிடுவார், கணக்கு நேராகிவிடும். மேலாளர் பதிலுக்குக் கிண்டலடித்தால் அது அதிகாரத்தின் கிண்டலாகிவிடும் என்பதால் ஒரு சிரிப்பு எமோஜியோடு நிறுத்திக்கொள்கிறார். ட்ரீட் கேட்டதும் குழுவில் பத்துப் பேர் பார்க்க ஒரு செலவை அவர் தலையில் வைத்ததாகிறது. மனைவியைப் பற்றி அவர் பேச்செடுக்காத வரை நாமும் எடுக்கக்கூடாது. நள்ளிரவு 12 மணிக்கு முதல் ஆளாக அனுப்புவதும் இந்த வகையில்தான் சேரும். அது நண்பர்களுக்கும் வீட்டாருக்கும் உரிய நேரம்.

திருக்குறளில் ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. நெருப்பில் குளிர்காய்பவர் போல விலகாமலும் ஒட்டாமலும் இருக்கச் சொல்லும் குறளை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதே அதிகாரத்தில் இன்னொன்று முக்கியமாகப் படுகிறது: மன்னரை இளையவர், உறவுக்காரர் என்று எண்ணி இகழாமல், அவர் இருக்கும் நிலைக்கு ஏற்ப நடந்துகொள்ளச் சொல்வது. வயதில் இளைய மேலாளரிடம் ‘தம்பி’ தொனி எட்டிப் பார்க்கும் இடத்தை வள்ளுவர் சரியாகப் பிடித்திருக்கிறார்.

மூன்றாவது மாதிரி: “சார், பிறந்தநாள் வாழ்த்துகள். மார்ச் கடைசி வாரம், கணக்கு முடிக்கும் நெருக்கடியிலும் அம்மாவின் ஆபரேஷனுக்காக எனக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தீர்கள். அதை மறக்கவில்லை. இந்த ஆண்டு நல்ல உடல்நலத்தோடு அமையட்டும்.” இதுவும் நல்ல சட்டை போட்ட முகஸ்துதிதானே என்று கேட்கலாம். இல்லை. முகஸ்துதி ஆளின் குணத்தைப் புகழும், அதைச் சரிபார்க்க வழியில்லை. இந்தக் குறிப்போ நடந்த ஒன்றைச் சொல்கிறது. விவரம் தெரிந்தவர் படித்தால் “ஆமாம், கொடுத்தார்” என்பார். அதற்கு மேல் ஒரு சொல்கூட ஏற்றவில்லை, பதிலுக்கு எதையும் கேட்கவுமில்லை. ‘நன்றி’ என்று ஒற்றைச் சொல்லில் மேலாளர் முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் இதிலும் இரண்டு சிக்கல் உண்டு. இதைக் குழுவில் போட்டால், லீவு மறுக்கப்பட்ட இன்னொருவர் அதைப் படிப்பார். நன்றி அங்கே சலுகைப் பட்டியலாகிவிடும். அப்ரைசல் நடக்கும் வாரத்தில் அனுப்பினால், உண்மையே என்றாலும் காரியவாசனை அடிக்கும். அப்போது நடு வாக்கியங்கள் இரண்டையும் எடுத்துவிட வேண்டியதுதான். நன்றி சொல்லப் பிறந்தநாள்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை; லீவு முடிந்து திரும்பிய அன்றே நேரில் சொல்லியிருக்கலாம்.

‘மேன்மேலும் பதவி உயர்வு பெறுக’ என்பதையும் தவிர்க்கலாம். அவர் இந்த நாற்காலியை எப்போது காலி செய்வார் என்று கேட்பது போல ஒலிக்கும்.

என் தீர்ப்பு இது. குழுவில் என்றால் “சார், பிறந்தநாள் வாழ்த்துகள். இந்த ஆண்டு நல்ல உடல்நலத்தோடு அமையட்டும்” என்ற அளவே போதும், வயது, அடைமொழி, கைகூப்பிய எமோஜி வரிசை எதுவும் வேண்டாம். தனியாக அனுப்புவதானால், அப்ரைசல் காலமாக இல்லாத பட்சத்தில், நடந்த ஒன்றைச் சொல்லும் அந்த மூன்றாவது மாதிரி. சொல்வதற்கு அப்படி ஒன்றும் நினைவுக்கு வரவில்லையென்றால் குழுவில் போட்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.