கடைசிச் சுழியத்தின் அகலம்

நிபோங் திபால் கடைவீதியில் ஒரு பேனரை நேருக்கு நேர் நின்று படமெடுக்க இடம் கிடைப்பது அரிது. பழைய இரண்டு மாடிக் கடைவீடுகள், அவற்றின் முன்னால் அஞ்சடி நடைபாதை, அதன் தூண்கள், தூணையொட்டி நிறுத்திய கார்கள். எதிர்ச்சாரிக்குப் போனால் நடுவில் ஒரு லாரி வந்து நிற்கும். அதனால் படமெடுப்பவர் பக்கத்துக் கடையின் முனையில் ஒதுங்கி, சாய்வாக எடுத்துவிடுகிறார். வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் சுற்றும் பாதிக் கடைப் படங்கள் இப்படிச் சாய்ந்தவைதான்.

பிறகு கடையின் நம்பர் மாறுகிறது. பினாங்கில் வழங்கும் 04-இல் தொடங்கும் கம்பித் தொலைபேசியைக் கைவிட்டு, கடைக்காரர் 011-இல் தொடங்கும் கைப்பேசிக்குப் போகிறார். பேனரின் மேல் புது எண்ணை ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் நல்ல வெயிலில், திறப்புவிழாத் தோரணத்தோடு எடுத்த அந்தப் படத்தை மறுபடி எடுக்க முடியாது. படத்திலேயே எண்ணை மாற்றித்தரச் சொல்லி அச்சுக்கடைக்கு வருகிறார். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழி எழுதிய பேனரில் எல்லாரும் படிக்கும் வரி அந்த எண் ஒன்றுதான். அதனால் கண் முதலில் போவதும் அங்கேதான்.

இந்த வேலையை நன்றாகச் செய்தவர்களின் கைத்திறனைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது எழுத்துருவையும் நிறத்தையும் அல்ல. எண்ணின் கடைசி இலக்கம் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். சாய்வின் உண்மை முழுவதும் அந்த அகலத்தில் இருக்கிறது.

ஒரு பேனரை எடுத்துக்கொள்வோம். பத்தடி நீளம், மூன்றடி உயரம். பேசியை மேலும் கீழும் சாய்க்காமல், இடப்புறம் நின்று எடுத்த படம். அருகிலிருக்கும் இட ஓரம் 600 பிக்சல் உயரம், தள்ளியிருக்கும் வல ஓரம் 400 பிக்சல். இரண்டுக்கும் நடுவே 1300 பிக்சல் அகலம். இட ஓரத்தைவிட வல ஓரம் ஒன்றரை மடங்கு தள்ளியிருக்கிறது என்பதை 600-க்கு 400 என்ற விகிதமே சொல்லிவிடுகிறது.

இப்போது பேனரை அடிக்கு ஒரு கட்டமாகப் பத்துக் கட்டம் பிரியுங்கள். 1300-ஐப் பத்தால் வகுத்து ஒவ்வொன்றுக்கும் 130 என்று போட்டால் தவறு. இட ஓரத்திலிருக்கும் முதல் அடி படத்தில் 186 பிக்சல் பிடிக்கிறது. வலக்கோடியில் இருக்கும் கடைசி அடிக்குக் கிடைப்பது வெறும் 90. உயரம் ஒன்றரை மடங்கு குறைந்த இடத்தில் அகலம் இரண்டு மடங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. காரணம் எளிது. தூரம் கூடும்போது எல்லாமே சிறுக்கிறது. அது உயரத்தையும் அகலத்தையும் ஒருசேரத் தாக்குகிறது. அகலத்துக்கு இன்னொரு அடியும் விழுகிறது: தள்ளிப்போகப் போக நம் பார்வை துணியை இன்னும் சாய்வாகத் தொடுகிறது. உயரம் தூரத்துக்கு ஏற்பக் குறைகிறது. அகலமோ தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது.

கைப்பழக்கம் இல்லாதவர் தவறுவது இங்கேதான். எண்ணைத் தட்டச்சு செய்து, மேல்கோட்டையும் கீழ்கோட்டையும் பேனரின் சாய்வுக்குச் சரியாகப் பொருத்திவிடுவார். இலக்கங்களின் உயரம் ஒழுங்காகக் குறைந்துகொண்டே வரும். அகலம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கும். பார்ப்பவருக்குக் குறை எதுவென்று சொல்லத் தெரியாது. ஆனாலும் தூரத்து இலக்கங்கள் குண்டாகத் தெரியும். சாய்ந்து நிற்கும் பேனருக்குப் பதிலாக, ஒரு பக்கம் கூம்பாக வெட்டித் தொங்கவிட்ட சேலைத் துண்டு போலிருக்கும்.

ஒரு சுழியத்தை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். தட்டையான வரைவில் ஓர் அடிக்கு 200 பிக்சல் என்று வைத்து, தடித்த எழுத்துருவில் ஒரு 0. அதன் பக்கவாட்டுக் கோடு 40 பிக்சல் தடிமன், மேல்வளைவு 30. இதே சுழியம் பேனரின் முதல் அடியில் வந்தால் பக்கக்கோடு சுமார் 37, மேல்வளைவு சுமார் 29. பக்கமே தடித்திருக்கிறது. கடைசி அடிக்குப் போனால் பக்கக்கோடு 18-ஆக மெலிந்துவிடும், மேல்வளைவு 20-இல் நிற்கும். தடிப்பு இடம் மாறிவிட்டது! ஒரே எண்ணில் முதல் சுழியம் பக்கவாட்டில் கனத்தும், கடைசிச் சுழியம் மேலும் கீழும் கனத்தும் இருப்பதைக் காணும்போது எனக்கு ஒரு நல்ல சித்திரத்தைப் பார்த்த நிறைவு வருகிறது. இதைக் கையால் இழுத்து இழுத்துக் கொண்டுவர முடியாது. முறை தெரிந்தால் தானாக வந்து விழும்.

முறை இதுதான்: சாய்ந்த படத்தின் மேல் எழுதக் கூடாது. பேனரைத் தட்டையாக ஒருமுறை அமைத்து, அங்கே நேராக எழுதி, பிறகு முழுத் தாளையும் நான்கு மூலை பிடித்துச் சாய்க்க வேண்டும். போட்டோஷாப்பில் 2000-க்கு 600 பிக்சலில் ஒரு செவ்வகம் வரைந்து, அதை `Smart Object` ஆக்கி, `Edit > Transform > Distort` எடுத்து, நான்கு மூலையையும் படத்திலிருக்கும் பேனரின் நான்கு மூலையில் வைக்கிறோம். அதைத் திறந்து உள்ளே எண்ணை எழுதிச் சேமித்தால், வெளியே சரியான சாய்வோடு வந்து நிற்கும். கிம்ப் பயன்படுத்துபவருக்கு `Perspective` கருவி இதே வேலையைச் செய்யும். `Skew` மட்டும் வேண்டாம். அது தூரத்தையும் கிட்டத்தையும் ஒரே அளவாக நடத்தும்.

2000-க்கு 600 என்ற விகிதத்தில்தான் கவனம் வேண்டும். பேனரின் உண்மை அளவு பத்துக்கு மூன்று என்பதால் அந்தக் கணக்கு. விகிதத்தைத் தவறாக எடுத்தால் எல்லா இலக்கமும் சேர்ந்தே பருக்கும் அல்லது மெலியும். அளவு தெரியாவிட்டால், பேனரிலேயே இருக்கும் ஒரு வார்த்தையை அதே எழுத்துருவில் உள்ளே எழுதிப் பார்த்து, மேலே பொருந்தும்வரை செவ்வகத்தின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

சாய்வு சரியா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி 1435-இல் ஓவியம் பற்றி எழுதிய நூலில், கட்டங்கட்டமாக வரைந்த தரையின் குறுக்கே ஒரு மூலைவிட்டம் இழுத்துப் பார்க்கச் சொல்கிறார். கட்டங்களின் மூலைகள் அந்தக் கோட்டில் விழுந்தால் தரை சரி. நமக்கும் அதுவே உதவுகிறது. பேனரின் இரண்டு மூலைவிட்டங்களும் வெட்டும் இடம்தான் அதன் உண்மையான நடு. நம் படத்தில் அது இட ஓரத்திலிருந்து 650 பிக்சலில் இல்லை, 780-இல் இருக்கிறது. நடுவில் அமைந்த எண் வரிக்கு நடுவும் அங்கேதான் விழ வேண்டும்.

இனி நம் ஊர்க் கடைக்காரரின் தனிச் சிக்கலுக்கு வருவோம். 04 எண்ணுக்கு மொத்தம் 9 இலக்கம். 012, 016 போன்ற கைப்பேசி எண்களுக்கு 10. 011-க்கோ 11. பழைய இடத்தில் இரண்டு இலக்கம் கூடுதலாக நுழைய வேண்டும். அவசரத்தில் வரியைப் பக்கவாட்டில் அமுக்கிவிடுகிறார்கள். அப்படி அமுக்கினால், மேலே கடைப் பெயர் ஒரு கோணத்திலும் கீழே எண் அதைவிடச் சாய்ந்த கோணத்திலும் இருப்பதுபோல் தெரியும், ஏனென்றால் ஒடுங்கிய அகலத்தைக் கண் சாய்வாகத்தான் படிக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பேனர்க்கடை அண்ணன் தன்னிடம் வேலை பழகும் பையனிடம் சொல்வார்: “அமுக்காதேடா தம்பி, எழுத்தையே சின்னதாக்கு.” தட்டையான தாளில் ஓர் இலக்கம் 120 பிக்சல், குறியும் இடைவெளியும் சேர்த்து 120 என்றால், பழைய வரி 1200 பிடித்தது, புதிய வரி 1440 கேட்கிறது. 200 பிக்சல் உயர எழுத்தைச் சுமார் 167-க்குக் குறைத்தால் அதே 1200-இல் அடங்கிவிடும். இரு பக்கமும் வெற்றிடம் இருந்தால் கொஞ்சம் அதற்கும் கொடுத்து, உயரத்தைக் காப்பாற்றலாம்.

பழைய எண்ணை அழிப்பதைப் படத்திலேயே செய்துகொள்வது நல்லது. பக்கத்துப் பின்னணியைப் பேனரின் சாய்வுக்கு இணையாக எடுத்து மூடினால் நிறம் பிசிறாது. புது எழுத்தின் நிறத்தை ஊகிக்காமல், பேனரிலுள்ள வேறொரு எழுத்திலிருந்து தொட்டு எடுக்க வேண்டும். கூரை நிழலில் வெள்ளை எழுத்து வெள்ளையாக இருப்பதில்லை. வானத்து வெளிச்சம் மட்டும் படுவதால் சற்று நீலம் பாய்ந்த சாம்பலாக இருக்கும். கறுப்பும் முழுக் கறுப்பாக இராது. பிறகு விளிம்பு. கேமரா எடுத்த எழுத்தின் ஓரம் இரண்டு மூன்று பிக்சலில் கரையும். கணினி எழுத்து கத்திபோல் நிற்கும். ஒரு பிக்சலுக்குள்ளான `Gaussian Blur` போதும், ஆனால் அதைச் சாய்த்த பிறகுதான் போட வேண்டும். தட்டையில் போட்டுவிட்டுச் சாய்த்தால் மங்கலும் சேர்ந்து ஒடுங்கி, தூரத்து இலக்கம் கிட்டத்து இலக்கத்தைவிடக் கூர்மையாகிவிடும்.

நான்கு மூலை முறைக்கு ஓர் எல்லை உண்டு. அது துணியைப் பலகைபோல் தட்டை என்று எண்ணுகிறது. கயிற்றில் கட்டிய பேனர் நடுவில் தொய்யும். எண் பெரும்பாலும் அடிவரியில் இருப்பதால் தொய்வு அங்கேதான் அதிகம். பேனரின் கீழ் மூலைகள் இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, நடுவில் விளிம்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பிக்சல் என்றால் விட்டுவிடலாம். பன்னிரண்டு என்றால் `Warp` எடுத்து, எண் வரியையும் அதே அளவு வளைக்க வேண்டும். சாய்வு மிகக் கடுமையாகி, கடைசி இலக்கத்துக்கு எட்டு பத்து பிக்சலே மிஞ்சினால் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் அழிந்துவிடும். அப்போது எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் பயனில்லை. காலை ஏழு மணிக்குக் கார்கள் வருமுன் போய்ப் புதுப் படம் எடுப்பதே சரி.

கடைக்காரர் கேட்காமல் இந்த வேலையைத் தொடவும் கூடாது. அடுத்தவர் பேனரில் நம்பரை மாற்றுவது மோசடிக்காரன் செய்வது. கேட்டவருக்குச் செய்து முடித்தபின், படத்தைக் கைப்பேசித் திரையளவுக்குச் சிறிதாக்கி, அந்த எண் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, பார்த்து அழைக்கச் சொல்லுங்கள். கடைசி இலக்கம்வரை தடங்கல் இல்லாமல் அழுத்தி, கடைக்காரரின் பேசி மணியடித்தால் வேலை தேறியது.